தலைப்பில்லாக் கேள்வி

மூன்றாமாண்டு கணினி அறிவியல் மாணவி

“எத்தனை கணக்கு முடித்திருக்கிறாய்?”

நம் துறை மாணவர் இருவர் ஆய்வகத்து வாசலில் சந்தித்துக்கொண்டால் நலம் விசாரிப்பதற்கு முன்னே கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. நிரல் எழுதும் நேர்முகத் தேர்வுக்கு ஆயத்தமாகும் எவருக்கும் இந்த எண்தான் அளவுகோல். நூறு முடித்தவரை ஐம்பது முடித்தவர் அண்ணாந்து பார்க்கிறார்; நூற்றைம்பது முடித்தவரை இருவரும் சேர்ந்து பார்க்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி அண்ணாந்து பார்க்கப்பட்டவள்தான். சென்ற ஜூலை, ஆகஸ்டு ஆகிய இரு திங்களில் நான் முடித்த கணக்குகள் நூற்றெழுபது. அந்த நூற்றெழுபதும் செப்டம்பரில் ஒரு காலை நாற்பத்தைந்து நிமிடத்தில் என்னைக் கைவிட்டன. ஏன் கைவிட்டன என்பதையும், அதற்குப் பின் நான் வகுத்துக்கொண்ட அறுபது நாள் திட்டத்தையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அன்று எனக்குத் தரப்பட்ட கேள்வி இது. பத்துப் பொதிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் எடை முறையே 1, 2, 3 என்று 10 வரை. ஒரு லாரி நாளைக்கு ஒரு நடைதான் போகும். பொதிகளை நிற்கும் வரிசையிலேயே ஏற்ற வேண்டும், முன்பின் மாற்றக்கூடாது. ஐந்து நாளில் எல்லாப் பொதிகளும் போய்ச் சேர வேண்டுமானால் லாரியின் கொள்ளளவு குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும்?

நான் மொத்த எடையைக் கூட்டினேன், ஐம்பத்தைந்து. ஐந்தால் வகுத்தேன். “பதினொன்று, சார்” என்றேன்.

தேர்வாளர் கடிந்துகொள்ளவில்லை. “பதினொன்று கொள்ளும் லாரியில் ஏற்றிக் காட்டுங்கள்” என்றார். முதல் நாள் 1, 2, 3, 4. இரண்டாம் நாள் 5, 6. பிறகு 7, 8, 9, 10 ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள். ஆறு நாள் ஆகிவிட்டது. “அப்படியானால் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்க்கலாம், பன்னிரண்டு, பதின்மூன்று என்று” என்றேன். “பார்க்கலாம். ஆனால் பொதிகள் ஐம்பதாயிரம், ஒவ்வொன்றும் ஐந்நூறு கிலோ வரை இருக்குமென்றால்?” என்றார். மொத்த எடை இரண்டரைக் கோடி வரை போகலாம். அவ்வளவு கொள்ளளவையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பதென்றால், ஒவ்வொரு சோதனைக்கும் ஐம்பதாயிரம் பொதிகளை எண்ண வேண்டும். நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் முடிந்தது.

ஊருக்குத் திரும்பும் பேருந்தில் விடை வந்தது. குரங்கும் வாழைப்பழமும் கணக்கை லீட்கோட்டில் போட்டவர்கள் அறிவார்கள். பழக் குவியல்கள் 3, 6, 7, 11. மணிக்கு இத்தனை பழம் என்று தின்று, எட்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒரு குவியலைத்தான் தொடலாம். குறைந்த வேகம் என்ன? விடை 4. வேகத்தை ஊகித்து, அது போதுமா என்று பார்க்க வேண்டும். போதுமென்றால் குறைக்க வேண்டும், போதாதென்றால் கூட்ட வேண்டும். ஊகத்தை ஒவ்வொன்றாக நகர்த்தாமல் ஒவ்வொரு முறையும் எல்லையைப் பாதியாக்க வேண்டும். லாரிக் கணக்கும் அச்சு மாறாமல் இதுவேதான். வாழைப்பழக் கணக்கை நான் ஆகஸ்டு மாதம் இருபதே நிமிடத்தில் போட்டிருந்தேன். என் நோட்டில் அந்தப் பக்கத்தின் உச்சியில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: “பைனரி சர்ச்.”

என்னைக் கெடுத்தது அந்தச் சிவப்பு மைதான் என்பதே என் கருத்து.

ஊன்றுகோல்

தலைப்புவாரியாகப் படிப்பது தவறென்று நான் சொல்லவில்லை. புதிதாக ஒன்றைக் கற்க அதுவே நல்ல வழி. ஸ்டாக் என்றால் என்னவென்று தெரியாதவர் ஸ்டாக் கணக்குகள் பத்தை அடுத்தடுத்துப் போட்டால்தான் அது கைக்கு வரும். ஆனால் “இது பைனரி சர்ச் பகுதி” என்று தெரிந்துகொண்டு ஒரு கணக்கைத் தொடங்குகிறவர் பாதி விடையைப் பார்த்துவிட்டே தொடங்குகிறார். மீதிப் பாதியைப் போட்டுவிட்டு முழுவதையும் தாமே போட்டதாக எண்ணிக்கொள்கிறார். நேர்முகத் தேர்வில் வரும் கேள்விக்குத் தலைப்பு இல்லை. லாரி, பொதி, நாள் என்றுதான் வரும். எந்தக் கருவியை எடுப்பது என்று கண்டறிவதே அங்கே முதல் வேலை. அந்த வேலையை இரண்டு மாதத்தில் ஒருநாள்கூட நான் செய்து பார்த்ததில்லை.

இதை ஒரு சிறு சோதனையால் உறுதிசெய்துகொண்டேன். என் நோட்டிலிருந்து இருபது கணக்குகளைத் தலைப்பில்லாமல் துண்டுச் சீட்டுகளில் எழுதித் தருமாறு என் தோழியைக் கேட்டேன். எல்லாம் நான் முடித்தவை. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் என் கையால் இட்ட சரிக்குறி இருந்தது. சீட்டுகளைக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுத்து, எந்த வழியில் போவேன் என்று மட்டும் சொல்ல முயன்றேன். இருபதில் ஏழுதான் தேறின. “ஏண்டி, இதெல்லாம் நீதானே போட்ட?” என்றாள் தோழி. அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

அன்றிரவு ஒரு புதிய கால அட்டவணை எழுதினேன். அதில் கணக்கின் எண்ணிக்கை குறைந்தது. திரும்பி வரும் முறைகள் கூடின.

அறுபது நாளின் பங்கீடு

முதல் ஆறு வாரம் தலைப்புகளுக்கு. முதல் வாரம் அரே, ஸ்டிரிங், ஹேஷ் டேபிள். இரண்டாம் வாரம் இரு முனைகளிலிருந்து நகரும் சுட்டிகள், ஸ்லைடிங் விண்டோ, பைனரி சர்ச். மூன்றாம் வாரம் ஸ்டாக், கியூ, லிங்க்டு லிஸ்ட். நான்காம் வாரம் ரிகர்ஷனும் ட்ரீயும். ஐந்தாம் வாரம் ஹீப்பும் கிராஃபும். ஆறாம் வாரம் பேக்டிராக்கிங், அதன் பின் டைனமிக் புரோகிராமிங்கின் எளிய வகைகள்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. ரிகர்ஷன் கைவராதவருக்கு ட்ரீ விளங்காது. கிராஃபை அகலவாக்கில் சுற்றிவர கியூ வேண்டும். ஆழவாக்கில் இறங்க ஸ்டாக்கோ ரிகர்ஷனோ வேண்டும். டைனமிக் புரோகிராமிங் என்பது ஒருமுறை கண்ட விடையை மறவாமல் எழுதிவைத்துக்கொள்ளும் ரிகர்ஷன்தான். ஆதலால் அதைக் கடைசியில் வைத்தால் பாதி பயம் போய்விடும். பலர் அதன் பெயரைக் கேட்டே அஞ்சி முதல் வாரத்திலேயே அதில் விழுந்து எழ முடியாமல் போகிறார்கள்.

வாரத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு இரண்டு புதிய கணக்குகள். ஆறு வாரத்தில் அறுபது, அவ்வளவே. சனிக்கிழமை புதிது எதுவும் கிடையாது. அதுவரை படித்த எல்லாத் தலைப்புகளிலிருந்தும் கலந்தெடுத்த தலைப்பில்லாச் சீட்டுகள் ஆறு. இரண்டாம் வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு ஒரே ஒரு கணக்கு. ஏழாம், எட்டாம் வாரங்களில் புதிய தலைப்பே இல்லை. நாள்தோறும் முன்பின் காணாத ஒரு கணக்கு, நாற்பத்தைந்து நிமிடத்தில். எஞ்சிய நான்கு நாளும் தவறிய சீட்டுகளுக்கு மட்டும்.

புதிய கணக்கு ஒன்றில் இருபத்தைந்து நிமிடம் வரை ஒன்றும் தோன்றவில்லையென்றால் விடையைப் பார்ப்பேன். பார்ப்பதில் வெட்கமில்லை. ஆனால் பார்த்த உடனே எழுதுவதில் பயனில்லை, அது படியெடுப்பது. மூடி வைத்துவிட்டு, அரை மணி நேரம் வேறு வேலை பார்த்துவிட்டு, வெற்றுத் தாளில் எழுதுவேன். அப்படி எழுதினாலும் சரிக்குறி கிடையாது. சரிக்குறி பின்னால் வரும்.

மூன்று பெட்டிகள்

மறுபார்வை என்று நாம் பெரும்பாலும் சொல்வது பழைய நோட்டைப் புரட்டுவதைத்தான். புரட்டும்போது எல்லாம் தெரிந்ததுபோலவே இருக்கும். தெரிந்த முகத்தைக் கூட்டத்தில் கண்டதும் சிரிக்கிறோம். பெயரைக் கேட்டால் விழிக்கிறோம். அதைப் போன்றதுதான் இதுவும்.

செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-இல் வெளியிட்ட நூலில் சீட்டும் பெட்டியும் கொண்ட ஒரு முறையை விளக்கினார். தெரிந்த சீட்டு அடுத்த பெட்டிக்குப் போகும். அடுத்த பெட்டியை நாள் கழித்துத்தான் திறக்க வேண்டும். தெரியாத சீட்டு முதற் பெட்டிக்கே திரும்பும். மொழி கற்போர் இதைச் சொற்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். நான் கணக்குகளுக்குப் பயன்படுத்தினேன். தீபாவளிக்கு வாங்கிய இனிப்புப் பெட்டிகள் மூன்று எனக்குப் போதுமாயிருந்தன. முதற் பெட்டி மறுநாள் திறப்பது. இரண்டாவது நான்கு நாள் கழித்து. மூன்றாவது பன்னிரண்டு நாள் கழித்து.

சீட்டின் முன்புறம் கணக்கு மட்டும், மூன்று வரியில், தலைப்பில்லாமல். பின்புறம் மூன்று செய்திகள்: எந்த அடையாளத்தைக் கண்டு வழியை அறிவது, அதற்கு ஆகும் செலவு, நான் செய்த பிழை. முழு நிரலையும் எழுதி வைக்கக்கூடாது. வைத்தால் கண் அதன் மேல்தான் போகும். சீட்டை எடுத்தவுடன் வெற்றுத் தாளில் நிரலை எழுதி, சிறிய எடுத்துக்காட்டைக் கையால் ஓட்டிப் பார்க்க வேண்டும். பழகிய கணக்குக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. மூன்று பெட்டியையும் தடையின்றிக் கடந்த பின்னரே சரிக்குறி.

நாளுக்கு இரண்டு புதிய கணக்கு, ஒவ்வொன்றும் மூன்று முறை திரும்பி வருமென்றால், நாளடைவில் தினம் ஆறு சீட்டு வரும். அது ஒரு மணி நேரம். புதிய கணக்கு இரண்டுக்கும் ஒன்றரை மணி. ஆக இரண்டரை மணி நேரம். கல்லூரி முடிந்து ஆய்வகத்தில் ஒரு மணி, வீட்டில் மீதி. தவறிய சீட்டுகள் திரும்பி வந்து குவிவதுதான் இதில் வரும் நோய். எனக்கு மூன்றாம் வாரத்தில் வந்தது; ஒரு மாலை பதின்மூன்று சீட்டுகள் காத்திருந்தன. அதன் பின் ஒரு விதி செய்துகொண்டேன்: எட்டுச் சீட்டுக்கு மேல் காத்திருந்தால் அன்று புதிய கணக்கு இல்லை. இந்த விதியால் என் அறுபது ஐம்பத்திரண்டாகக் குறைந்தது. அதற்காக நான் வருந்தவில்லை.

ஒரு சீட்டின் கதை

பெட்டி எதைக் காட்டிக்கொடுக்கும் என்பதற்கு லாரிக் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். இரண்டாம் வாரத்தில் அதை முதற் சீட்டாக எழுதினேன். கொள்ளளவு தெரிந்தால் எத்தனை நாள் ஆகும் என்று எண்ணுவது முதற் பகுதி.

```python
def need(weights, cap):
    d, load = 1, 0
    for w in weights:
        if load + w > cap:
            d, load = d + 1, 0
        load += w
    return d
```

கொள்ளளவைத் தேடுவது இரண்டாம் பகுதி.

```python
def least(weights, days):
    lo, hi = max(weights), sum(weights)
    while lo < hi:
        mid = (lo + hi) // 2
        if need(weights, mid) <= days:
            hi = mid
        else:
            lo = mid + 1
    return lo
```

நமது பத்துப் பொதிக்கு எல்லை 10 முதல் 55 வரை. நடு 32, இரண்டே நாளில் முடிகிறது, குறைக்கலாம். நடு 21, மூன்று நாள், இன்னும் குறைக்கலாம். நடு 15, ஐந்து நாள், போதும், ஆயினும் குறைத்துப் பார்க்கலாம். நடு 12, ஆறு நாள், போதாது. நடு 14, அதுவும் ஆறு நாள். விடை 15. ஐந்து சோதனையில் முடிந்துவிட்டது. தேர்வாளர் சொன்ன இரண்டரைக் கோடியாக இருந்தாலும் இருபத்தைந்து சோதனைக்கு மேல் வேண்டாம்.

எளிதாகத்தான் தெரிகிறது. ஆனால் மறுநாள் பெட்டியைத் திறந்து வெற்றுத் தாளில் எழுதியபோது `lo = mid + 1` என்பதற்குப் பதில் `lo = mid` என்று எழுதினேன். கையால் ஓட்டிப் பார்க்கையில் `lo` 14, `hi` 15 என்ற இடத்துக்கு வந்தது. நடு 14, போதாது, ஆகவே `lo` மீண்டும் 14. மறுபடியும் நடு 14. செக்குமாடுபோல அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. போதாதென்று தெரிந்துவிட்ட எண்ணை எல்லைக்கு உள்ளேயே வைத்திருப்பதுதான் பிழை. சீட்டு முதற் பெட்டியிலேயே தங்கியது.

மறுநாள் சரியாக எழுதிவிட்டதால் அது இரண்டாம் பெட்டிக்குப் போனது. நான்கு நாள் கழித்து எடுத்தபோது வேறு பிழை. `lo`-வை 1 என்று தொடங்கினேன். ஐந்து நாள் கேள்விக்கு விடை சரியாகவே 15 வந்தது; எனவே பிழை தெரியவில்லை. நாளைப் பத்தாக மாற்றிப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ஒரு கிலோ கொள்ளும் லாரியே போதும் என்றது நிரல்! பத்துக் கிலோப் பொதி ஒரு கிலோ லாரியில் எப்படி ஏறும்? `need` அதைக் கேட்பதில்லை; புதிய நாளைத் தொடங்கிப் பொதியை ஏற்றிவிடுகிறது. கொள்ளளவு மிகப் பெரிய பொதியைவிடக் குறையக்கூடாது என்பதால்தான் `max(weights)` என்று தொடங்குகிறோம். அந்த ஒரு சொல் அங்கே ஏன் நிற்கிறது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

இதில் நாணப்பட ஒன்றுமில்லை. ஜான் பென்ட்லி தம் 1986-ஆம் ஆண்டு நூலில், தொழில்முறை நிரலாளர்களை பைனரி சர்ச் எழுதச் சொல்லி ஓரிரு மணி நேரம் தந்தும், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தங்கள் நிரலில் பிழை கண்டதாக எழுதுகிறார். வழி தெரிந்திருப்பது வேறு. பிழையின்றி எழுதுவது வேறு. இரண்டாவது, இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் எழுதினால்தான் வரும்.

மூன்றாம் பெட்டியிலிருந்து எடுக்கையில் ஒரு கேள்வி சேர்த்துக்கொண்டேன்: ஒரு நிபந்தனையை நீக்கினால் என்ன ஆகும்? பொதிகளை வரிசை மாற்றி ஏற்றலாம் என்றால், `need` தரும் நாள் மிகக் குறைந்த நாளாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. கணக்கு மிகக் கடினமான வேறொன்றாகிவிடும். ‘வரிசை மாறக்கூடாது’ என்ற அந்தச் சிறு வரியின் மேல்தான் முழு வழியும் நிற்கிறது. இப்படிக் கேட்டால் விடை சொல்லத் தெரிகிறதா என்பதே, ஒரு கணக்கை மனப்பாடம் செய்திருக்கிறோமா புரிந்திருக்கிறோமா என்பதற்கு நான் கண்ட உரைகல்.

கடிகாரம்

கடிகாரத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ள வேண்டும் என்பார் சிலர். எனக்கு அது உடன்பாடில்லை. புதிய தலைப்பைக் கற்கும்போது நேரம் துரத்தினால் மனம் புரிந்துகொள்வதை விட்டுவிட்டு நெட்டுருப் போடத் தொடங்கும். அதற்காகக் கடைசி வாரம் வரை தள்ளிப்போடுவதும் தவறு. அப்போது தெரியும் குறைகளைத் திருத்த நாள் இராது. இரண்டாம் வாரத்திலிருந்து வாரம் ஒன்று, கடைசி இரண்டு வாரம் நாள் ஒன்று என்பது எனக்கு ஒத்துவந்தது.

நாற்பத்தைந்து நிமிடத்தை நான்காகப் பிரித்தேன். கேள்வியைப் படித்து ஐயம் கேட்க ஐந்து நிமிடம். சிறு எடுத்துக்காட்டு போட்டு வழி காணவும் செலவைச் சொல்லவும் பத்து. எழுத இருபது. கையால் ஓட்டிச் சரிபார்க்கப் பத்து. தோழி எதிரே அமர்ந்து தேர்வாளராக இருப்பாள். நான் வாய்விட்டுப் பேசியபடியே தாளில் எழுத வேண்டும். கணினி இல்லை. நிரலை ஓட்டிப் பிழையைக் கணினியே சொல்லட்டும் என்று இருக்கும் பழக்கம், தாளில் எழுதும்போதுதான் விடுபடுகிறது.

ஒவ்வொரு முறையும் அந்த நான்கு பகுதிக்கும் உண்மையில் ஆன நிமிடங்களைத் தோழி குறித்து வைத்தாள். மொத்த நேரத்தைவிட இந்த நான்கு எண்களே பயனுள்ளவை. இரண்டாவது எண் வீங்கினால், கருவியைக் கண்டறிவதில் குறை; அதற்கு மருந்து சனிக்கிழமைச் சீட்டுகள். மூன்றாவது வீங்கினால், மொழியில் கை பழகவில்லை. அதே கணக்கையே மறுபடி எழுத வேண்டும், புதிது வேண்டாம். நான்காவதில் பிழை மேல் பிழை வந்தால், எல்லைகளை எண்ணிப் பார்க்காமல் எழுதுகிறோம் என்று பொருள்; ஒன்றுமில்லாத அரே, ஒரே உறுப்புள்ள அரே, எல்லாம் சமமான அரே ஆகியவற்றை ஓட்டிப் பார்க்கும் வழக்கம் வேண்டும். எனக்கு முதல் மூன்று ஞாயிறும் இரண்டாவது எண் இருபதைத் தாண்டியது. ஆறாம் ஞாயிறு ஒன்பதுக்கு வந்தது.

அந்தக் குறைவுக்கு ஒரு சிறு பழக்கமும் உதவியது. கேள்வியில் தரும் அளவைப் பார்த்தே பல வழிகளை விலக்கிவிடலாம். உறுப்புகள் இருபதுக்குள் என்றால் எல்லாக் கூட்டுகளையும் சோதிக்கலாம். அவை பத்து லட்சத்தைச் சற்றே தாண்டும். ஆயிரம் என்றால் ஒன்றோடொன்று ஒப்பிடும் இரட்டை லூப்பும் பத்து லட்சம்தான், கவலையில்லை. ஒரு லட்சம் என்றால் அதே இரட்டை லூப் ஆயிரம் கோடி ஆகிவிடும், நேரத்துக்குள் முடியாது. வரிசைப்படுத்துவது, ஹேஷ் டேபிள், பாதியாக்குவது என்று தேட வேண்டும். அன்று தேர்வாளர் “ஐம்பதாயிரம் பொதி” என்றபோது எனக்குத் துப்புத்தான் கொடுத்திருக்கிறார். நான் அதை மிரட்டலாக எடுத்துக்கொண்டேன்.

குறைகளும் ஒரு வேண்டுகோளும்

இத்திட்டத்தின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஏதேனும் ஒரு மொழியில் லூப், ஃபங்ஷன், அரே ஆகியவற்றைத் தடுமாறாமல் எழுதத் தெரியாதவருக்கு இது பயன்படாது. அவருக்கு முன்னதாக ஒரு மாதம் வேண்டும். டைனமிக் புரோகிராமிங்குக்கு ஒரு வாரம் போதாது. அதன் கடினமான வகைகள் வந்தால் நான் இன்றும் திணறுவேன். மேலும் இத்திட்டத்தில் முதல் சில வாரம் மனம் சோரும். முதல் சனிக்கிழமை ஆறில் இரண்டுதான் எனக்கு வந்தது. தலைப்புவாரியாகப் போட்டுக்கொண்டிருந்த தோழியர் நாளுக்கு ஐந்து சரிக்குறி இட்டுக்கொண்டிருக்க, எனக்கு ஒரு வாரமாகியும் ஒன்றுகூட இல்லை.

டிசம்பரில் மற்றோர் இடத்தில் நேர்முகத் தேர்வு. ஊரில் ஒரு வீட்டில் தொடங்கிய தொற்று நாளுக்கு ஒரு வீடு பரவினால் எத்தனை நாளில் எல்லா வீட்டையும் எட்டும் என்பதுபோல ஒரு கேள்வி. கிராஃப் என்ற சொல்லே அதில் இல்லை. அகலவாக்கில் சுற்ற வேண்டும், கியூ வேண்டும் என்று ஆறாவது நிமிடத்தில் சொன்னேன். எழுதி முடித்து, எட்டவே முடியாத வீடு இருந்தால் என்ன செய்வது என்பதையும் நானே கேட்டு நானே எழுதினேன். அந்த வேலை எனக்குக் கிடைத்தது. ஆனால் அடுத்த கேள்வி வேறு மாதிரி வந்திருந்தால் கிடைக்காமலும் போயிருக்கலாம் என்பதை நான் அறிவேன். செப்டம்பரில் நான் தாளை வெறித்துக்கொண்டிருந்தேன்; டிசம்பரில் என்ன செய்கிறேன் என்று தெரிந்து செய்தேன். நான் சாதித்ததாகச் சொல்லிக்கொள்ளக்கூடியது அவ்வளவே.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் ரெக்கார்டு நோட்டின் ஒவ்வொரு பயிற்சியும் ‘நோக்கம்’ என்ற வரியுடன் தொடங்குகிறது: “பைனரி சர்ச் நிரல் எழுதுதல்”, “ஸ்டாக் நிரல் எழுதுதல்.” செய்முறைத் தேர்வுச் சீட்டிலும் அதே வரிதான். மூன்று ஆண்டும் கருவியின் பெயரை நீங்கள் சொல்லிவிடுகிறீர்கள். நாங்கள் எடுத்துப் பயன்படுத்துகிறோம். கடைப் பெட்டியைத் திறந்து எதை எடுப்பது என்று நாங்களே தேடும் வாய்ப்பு ஒருமுறையும் எங்களுக்கு வரவில்லை. மாடல் பிராக்டிகலில் ஒரே ஒரு கேள்வியையாவது லாரியாக, குரங்காக, தொற்றாகத் தந்து பாருங்கள். மதிப்பெண் சிறிது குறையும். அது இந்த ஆய்வகத்திலேயே குறைந்தால் திருத்திக்கொள்ள எங்களுக்கு நாள் இருக்கும்.

தோழர்களே, தோழியரே! ஆய்வகத்து அலமாரியில், கீழ்த்தட்டில் ஒரு பிஸ்கட் டின் வைத்திருக்கிறேன். அதில் ஐம்பத்திரண்டு சீட்டுகள் உள்ளன. தலைப்பு எதிலும் இல்லை. சனிக்கிழமை மாலை எவரும் எடுக்கலாம். நீங்கள் போட்ட கணக்குகளையும் எழுதிச் சேர்த்துவிடுங்கள். இனி வாசலில் சந்தித்துக்கொண்டால் எத்தனை முடித்தாய் என்று கேட்க வேண்டாம். எத்தனை உனக்குத் திரும்ப வந்தது என்று கேட்போம்.